புள்ளிகளை எண்ணி π கண்டுபிடிப்பது எப்படி? கேரம் போர்டு முதல் ரெட்டேரி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சதுரத்துக்குள் கண்டபடி புள்ளிகள் வைத்து, அவற்றில் எத்தனை வட்டத்துக்குள் விழுந்தன என்று எண்ணினால் π-யின் மதிப்பு கிடைக்கும். இதற்கு மான்டி கார்லோ முறை என்று பெயர். வியாசர்பாடியில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளோடு இதைப் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். கணக்கு யாருக்கும் கஷ்டமாக இருந்ததில்லை. தடுமாறுவது எல்லாம் இரண்டு இடத்தில்தான்: புள்ளியை எடுக்கும் விதம், வந்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்வது. அதனால் இந்த வழிகாட்டியில் அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

விடை தெரிந்த π-யில் ஆரம்பிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. உங்கள் செய்முறையில் கோளாறு இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதில் கை பழகிய பிறகு, விடை தெரியாத ஒன்றுக்குப் போகலாம். கடைசியில் ரெட்டேரி என்ற ஏரியின் பரப்பளவுக்குப் போவோம்.

1. தேவையானவை

கையால் செய்வதாக இருந்தால் ஒரு கிராஃப் தாள், காம்பஸ், ஒரே அளவில் வெட்டிய பத்துச் சீட்டுகள் (0 முதல் 9 வரை எழுதியது), ஒரு டப்பா. காலேஜ் பிள்ளைகள் வைத்திருக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டர் இருந்தால் சீட்டே வேண்டாம். அதில் `Ran#` அழுத்தினால் 0.000-க்கும் 0.999-க்கும் இடையே ஓர் எண் வரும். கம்ப்யூட்டர் என்றால் எக்செல் அல்லது பைத்தான் போதும்.

எதில் செய்தாலும் ஒரு நோட்டு வேண்டும். அதில் முதல் புள்ளி விழுவதற்கு முன்பே மூன்று விஷயங்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும்: எந்த உருவத்துக்குள் புள்ளி வைக்கிறோம், "உள்ளே" என்று எதைச் சொல்லுவோம், மொத்தம் எத்தனை புள்ளி. ஏன் முன்பே என்பது நான்காவது படியில் புரியும்.

2. சதுரத்தையும் விதியையும் முடிவு செய்யுங்கள்

பக்கம் 1 உள்ள சதுரம் வரையுங்கள். கீழ் இடது மூலையில் காம்பஸின் முள்ளை வைத்து, ஆரம் 1 எடுத்து ஒரு கால் வட்டம் போடுங்கள். சதுரத்தின் பரப்பு 1. கால் வட்டத்தின் பரப்பு π/4. ஆக, சதுரத்தில் எங்கு வேண்டுமானாலும் சமமாக விழக்கூடிய ஒரு புள்ளி கால் வட்டத்துக்குள் விழும் வாய்ப்பும் π/4, அதாவது சுமார் 0.785.

முழு வட்டம் வேண்டாமா என்று கேட்பார்கள். முழு வட்டம் போட்டாலும் விகிதம் அதே π/4-தான். ஆனால் மைனஸ் எண்கள் உள்ளே வந்துவிடும், ரேண்டம் எண்ணை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கழிக்க வேண்டியிருக்கும். கால் வட்டத்தில் கால்குலேட்டர் தரும் எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

"உள்ளே" என்பதற்கான விதி: x² + y² ≤ 1. வர்க்கமூலம் எடுக்கத் தேவையில்லை. தூரம் 1-க்குள் இருந்தால் தூரத்தின் வர்க்கமும் 1-க்குள்தான் இருக்கும். தாளில் புள்ளி கோட்டின்மேல் விழுந்த மாதிரி இருந்தால் கண்ணால் தீர்ப்பு சொல்லாதீர்கள், எண்ணைப் போட்டுப் பாருங்கள். கண் எப்போதும் நமக்குப் பிடித்த பக்கம்தான் சாயும்.

3. புள்ளியை எடுப்பது: அவசரப்படக் கூடாத இடம்

இந்த முறை முழுவதும் ஒரே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. சதுரத்தின் எந்த இடத்துக்கும் இன்னோர் இடத்தைவிடச் சலுகை இருக்கக் கூடாது. அது கெட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

வடசென்னையில் கேரம் போர்டு இல்லாத தெரு அபூர்வம் என்பதால், பிள்ளைகள் முதலில் கேட்பது இதுதான்: போர்டின்மேல் சார்ட் பேப்பர் ஒட்டி, கால் வட்டம் வரைந்து, அரிசியைத் தூவி எண்ணலாமா? தாராளமாகச் செய்யுங்கள், விஷயம் என்ன என்று கண்ணால் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அந்த விடையை நோட்டில் ஏற்றாதீர்கள். தூவுகிற கை நடுவைத்தான் தேடும், மூலைகளில் மணி குறையும். கால் வட்டத்துக்கு வெளியே இருப்பது எதிர்மூலைதான் என்பதால், அங்கே குறைந்தால் உள்ளே இருப்பவற்றின் பங்கு கூடும், விடை 3.14-க்கு மேலே போகும். இன்னும் ஒரு படி அரிசி தூவினாலும் அந்தக் கோணல் நேராகாது.

சீட்டு முறையில் செய்ய வேண்டியது: டப்பாவைக் குலுக்கி ஒரு சீட்டு எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டு, மறுபடி குலுக்கி அடுத்ததை எடுக்க வேண்டும். திரும்பப் போடாமல் அடுத்த சீட்டை எடுத்தால் 3-க்குப் பிறகு இன்னொரு 3 வரவே வராது. (3, 3), (7, 7) போன்ற இடங்களில் புள்ளியே விழாது.

இதில் எளிதில் தென்படாத ஒரு பிழை உண்டு. சீட்டில் வந்த எண்ணை அப்படியே கிராஃபின் கோட்டுச் சந்திப்பாக எடுத்துக்கொள்வது. பக்கத்தை 10 பாகமாகப் பிரித்து, 0 முதல் 10 வரை பதினோரு எண்களில் சீட்டு போட்டுப் புள்ளி வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 121 சந்திப்புகள். அவற்றில் x² + y² ≤ 100 என்பதற்குள் வருபவை 90. ஆக, விடை 4 × 90/121, அதாவது 2.975-ஐ நோக்கித்தான் போகும். லட்சம் முறை சீட்டு எடுத்தாலும் 3.14 வராது, 2.975 என்பதுதான் மேலும் மேலும் உறுதியாகும்.

சரி செய்வது சுலபம். 0 முதல் 9 வரை மட்டும் சீட்டு போட்டு, வந்த எண்ணோடு அரை சேருங்கள். 3 வந்தால் 3.5, 7 வந்தால் 7.5. இப்போது புள்ளி கட்டத்தின் மூலையில் விழாமல் நடுவில் விழுகிறது. மொத்தம் 100 கட்டங்கள், அவற்றில் 79-இன் நடுப்புள்ளி வட்டத்துக்குள் வருகிறது. 4 × 0.79 = 3.16. நோட்டை எடுத்து ஒவ்வொரு வரிசையாக எண்ணிப் பாருங்கள். கீழிருந்து 10, 10, 10, 9, 9, 8, 8, 7, 5, 3 என்று வரும். மூலையில் வைத்தபோது ஏன் குறைந்தது என்றும் அப்போது தெரியும்: ஓரக் கோடுகளில் இருக்கும் புள்ளிகளுக்கு அரைக் கட்டம்தான் சொந்தம், ஆனால் அவற்றுக்கும் முழு ஓட்டு கொடுத்துவிட்டோம். மேல் ஓரத்திலும் வலது ஓரத்திலும் இருக்கும் சந்திப்புகளில் பெரும்பாலானவை வட்டத்துக்கு வெளியே.

இன்னும் நெருங்க வேண்டும் என்றால் x-க்கு இரண்டு சீட்டு, y-க்கு இரண்டு சீட்டு எடுத்து 00 முதல் 99 வரை போங்கள். கட்டம் சிறுக்கச் சிறுக்க இந்தப் பிழை மறையும். கால்குலேட்டரின் மூன்று இலக்கத்தில் இது கண்ணுக்கே தெரியாது.

4. எத்தனை புள்ளி என்று முன்கூட்டியே எழுதுங்கள்

வகுப்பில் அடிக்கடி நடப்பது: ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு விடையைக் கணக்கிட்டுக்கொண்டே போவார்கள், 3.14 என்று வந்ததும் "வந்துருச்சு" என்று நிறுத்துவார்கள். விடை மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும்போது நடுவில் எப்போதாவது 3.14-ஐத் தொடத்தான் செய்யும். அங்கே நிறுத்தினால் நீங்கள் அளந்ததாக ஆகாது, ஏற்கெனவே தெரிந்த விடையைத் திருப்பி எழுதியதாக ஆகும். விடை தெரியாத கணக்கில் இந்தப் பழக்கம் இன்னும் ஆபத்து, எதிர்பார்த்த எண் வந்த இடத்தில் நிற்கச் சொல்லும்.

இதற்கு ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. 1901-இல் லாசரினி என்ற இத்தாலியர், கோடு போட்ட பரப்பில் ஊசியை 3,408 முறை எறிந்து, அது எத்தனை முறை கோட்டின்மேல் விழுந்தது என்று எண்ணி, π = 3.1415929 என்று கண்டதாக எழுதினார். அத்தனை எறிதலுக்கு அந்த முறையில் இயல்பாக எதிர்பார்க்க வேண்டிய விலகல் சுமார் 0.05. அவருக்கு வந்ததோ ஆறு தசமம் வரை சரி. π-க்கு மிக நெருக்கமான 355/113 என்ற பின்னம் வரும் இடமாகப் பார்த்து நிறுத்தியிருக்க வேண்டும் என்று கணிதக்காரர்கள் சந்தேகப்படுவது அதனால்தான்.

ஆகவே முதலிலேயே 100 என்றோ 500 என்றோ எழுதிவிட்டு, அத்தனையும் முடிந்த பிறகு மட்டும் வகுத்துப் பாருங்கள்.

5. புள்ளிகளை வைத்து எண்ணுங்கள்

கையால் செய்பவர்கள் நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: x, y, x² + y², உள்ளே/வெளியே. x-க்கு ஒருமுறை, y-க்குத் தனியாக இன்னொரு முறை எண் எடுக்க வேண்டும்.

எக்செலில் A2, B2 இரண்டிலும் `=RAND()`, C2-வில் `=IF(A2^2+B2^2<=1,1,0)`, பிறகு 501-வது வரிசை வரை கீழே இழுத்துவிடுங்கள். விடை `=4*AVERAGE(C2:C501)`. ஒன்று கவனியுங்கள், தாளில் எதைத் தொட்டாலும் `RAND()` புதிய எண்களைப் போட்டுவிடும். பிடித்த விடை வரும்வரை தட்டிக்கொண்டிருக்க இது ஒரு வசதி ஆகிவிடுகிறது. போட்டதும் A, B பத்திகளை நகலெடுத்து, மதிப்புகளாக மட்டும் அதே இடத்தில் ஒட்டிவிடுங்கள்.

பைத்தானில்:

```python
import random, math
random.seed(600039)
N = 10000
ulle = 0
for i in range(N):
    x = random.random()
    y = random.random()
    if x*x + y*y <= 1:
        ulle += 1
p = ulle / N
print(4*p, 4*math.sqrt(p*(1-p)/N))
```

இரண்டாவது வரியில் இருப்பது எங்கள் பகுதியின் பின்கோடு. உங்களுக்குப் பிடித்த எந்த எண்ணும் போடலாம். அது இருந்தால் எத்தனை முறை ஓட்டினாலும் அதே புள்ளிகள் வரும், பிழை தேடும்போது பெரிய உதவி. ஆனால் வகுப்பில் எல்லோரும் அதே எண்ணைப் போட்டால் எல்லோருக்கும் அச்சு அசலாக ஒரே விடை வரும். அது இருபது அளவீடு ஆகாது, ஒன்றே ஒன்றுதான். ஆளுக்கு ஓர் எண் கொடுங்கள்.

6. விடையோடு பிழையையும் எழுதுங்கள்

பாதிப் பேர் விட்டுவிடும் படி இது. "π = 3.24" என்று மட்டும் எழுதினால் அது சரியா தப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. எவ்வளவு ஆட வாய்ப்பிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்தின் அளவுக்குத் திட்டப்பிழை என்று பெயர். உள்ளே விழுந்தவற்றின் பங்கு p, மொத்தப் புள்ளி N என்றால்:

```
திட்டப்பிழை = 4 × √( p × (1 − p) / N )
```

100 புள்ளியில் 81 உள்ளே விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். விடை 3.24. திட்டப்பிழை 4 × √(0.81 × 0.19 / 100), அதாவது சுமார் 0.16. இருபதில் பத்தொன்பது முறை உண்மையான மதிப்பு, விடைக்கு இருபுறமும் இதைப்போல் இரு மடங்குக்குள் இருக்கும். ஆக 3.24 ± 0.31. 2.93-இலிருந்து 3.55 வரை. π அதற்குள் இருக்கிறது, அதனால் 3.24 தப்பில்லை. 100 புள்ளிக்கு அவ்வளவுதான் தெளிவு.

10,000 புள்ளியில் 7,812 உள்ளே என்றால் விடை 3.125, திட்டப்பிழை 0.0165. நூறு மடங்கு வேலை செய்தோம், பிழை பத்தில் ஒன்றாகத்தான் குறைந்தது. N வர்க்கமூலத்துக்குள் இருப்பதால் வரும் வினை இது. ஒவ்வொரு கூடுதல் தசமத்துக்கும் நூறு மடங்கு புள்ளிகள் தேவை. விடை 0.005-க்குள் வர வேண்டும் என்று அதே இருபதில் பத்தொன்பது உறுதியோடு கேட்டால் நாலு லட்சத்துக்கும் மேல் ஆகும். π-யின் தசமங்கள் வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது, அதற்கு வேகமான தொடர்கள் இருக்கின்றன. சூத்திரம் இல்லாத உருவத்துக்குத்தான் இந்த முறை.

சூத்திரத்தை நம்ப மனம் வராதவர்களுக்கு ஒரு சோதனை. இருபது பேர் ஆளுக்கு 500 புள்ளி செய்து, விடைகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். 500-க்குத் திட்டப்பிழை 0.073. பதின்மூன்று, பதினான்கு பேர் 3.07-க்கும் 3.21-க்கும் இடையே இருப்பார்கள், மற்றவர்கள் வெளியே. எல்லோரும் 3.14-ஐ ஒட்டியே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், யாரோ யாரையோ பார்த்து எழுதியிருக்கிறார்கள். சேர்க்கும்போது உள்ளே விழுந்தவற்றை எல்லாம் கூட்டி, மொத்தப் புள்ளிகளால் ஒரே முறை வகுங்கள். ஒருவர் 500, இன்னொருவர் 80 செய்திருந்தால் இருவரின் விடைக்கும் சராசரி எடுப்பது 80-க்குத் தகுதிக்கு மீறிய எடை கொடுப்பதாகும்.

7. விடையைப் பார்த்தே பிழையைக் கண்டுபிடிப்பது

புள்ளி போதாமையால் வரும் ஆட்டம் N கூடக்கூடக் குறையும். செய்முறைக் கோளாறு குறையாது, ஓரிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த இடமே பெரும்பாலும் கோளாறு என்ன என்று சொல்லிவிடும்.

2.83-ஐ ஒட்டி நின்றால் x-க்கும் y-க்கும் ஒரே ரேண்டம் எண்ணைப் போட்டிருக்கிறீர்கள். புள்ளிகள் எல்லாம் மூலைவிட்டத்தில் வரிசை கட்டி நிற்கின்றன, அதில் 0.7071 பங்குதான் வட்டத்துக்குள். 2.0 வந்தால் வர்க்கம் போட மறந்து x + y ≤ 1 என்று பார்த்திருக்கிறீர்கள், அது முக்கோணத்தின் பரப்பு. 0.785 வந்தால் நாலால் பெருக்கவில்லை. 2.975 என்றால் பத்துக் கட்டச் சந்திப்புக் கதை. இந்தப் பட்டியலில் இல்லாத இடத்தில் நின்றால் முதல் ஐம்பது புள்ளிகளைத் தாளில் குறித்துப் பாருங்கள். கூட்டமோ வெறுமையோ கண்ணில் படும்.

8. இனி விடை தெரியாத ஒன்று: ரெட்டேரி

கொளத்தூர் பக்கம் இருக்கும் ரெட்டேரிக்கு வட்டம், சதுரம் என்று எந்த உருவமும் கிடையாது. செயற்கைக்கோள் படத்தை எடுத்து, ஏரி முழுதும் அடங்கும்படி ஒரு செவ்வகம் போடுங்கள். படத்தின் ஓரத்தில் இருக்கும் அளவுகோலை வைத்துச் செவ்வகத்தின் உண்மையான நீள அகலத்தைக் கணக்கிடுங்கள். 20 செ.மீ. × 15 செ.மீ. பிரிண்ட் என்றால் ஒரு ரேண்டம் எண்ணை 20-ஆலும் இன்னொன்றை 15-ஆலும் பெருக்கினால் புள்ளியின் இடம் கிடைக்கும்.

இங்கே x² + y² போல எழுதி வைத்த விதி இல்லை. "தண்ணீர்" என்றால் என்ன என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகாயத்தாமரை மூடிய இடம் தண்ணீரா, கரையா? நடுவே போகும் சாலையில் விழுந்த புள்ளி? எந்த மாதத்துப் படம்? மழை முடிந்த டிசம்பரில் எடுத்ததும் மே மாதத்தில் எடுத்ததும் ஒரே ஏரியைக் காட்டாது. இவற்றை முதல் புள்ளிக்கு முன்பே நோட்டில் எழுதுங்கள். நடுவில் முடிவை மாற்றினால் பழைய புள்ளிகளையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் பயிற்சிக்காக நான் வைத்தவை, ஏரியின் உண்மையான அளவு அல்ல. செவ்வகம் 2 கி.மீ. × 1.5 கி.மீ., பரப்பு 3 சதுர கி.மீ. 400 புள்ளியில் 148 தண்ணீரில். பங்கு 0.37, ஏரியின் பரப்பு 3 × 0.37 = 1.11 சதுர கி.மீ. திட்டப்பிழையில் 4-க்குப் பதிலாக இப்போது செவ்வகத்தின் பரப்பு வரும்: 3 × √(0.37 × 0.63 / 400) = 0.072. ஆக 1.11 ± 0.14.

அதே ஏரிக்குத் தாராளமாக 4 × 3 கி.மீ. செவ்வகம் போட்டிருந்தால்? பரப்பு 12, பங்கு 0.0925. அதே 400 புள்ளிக்குத் திட்டப்பிழை 0.174 ஆகிவிடுகிறது, இரண்டு மடங்குக்கும் மேல். பழைய துல்லியத்துக்குத் திரும்ப வேண்டுமானால் 400-க்குப் பதில் சுமார் 2,300 புள்ளிகள் வைக்க வேண்டும். ஏரியை விட்டுத் தள்ளி விழும் புள்ளிகள் நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. எனவே செவ்வகத்தை ஏரியை ஒட்டி இறுக்கமாகப் போடுங்கள். ஆனால் எந்த மூலையிலும் ஏரியின் துண்டு வெளியே விடுபடக் கூடாது. விடுபட்ட துண்டு எத்தனை புள்ளி வைத்தாலும் கணக்கில் வராது, ± எண்ணும் அதைக் காட்டாது. பிரிண்ட் எடுத்ததும் கரையோரமாகப் பென்சிலால் ஒருமுறை சுற்றிவந்து, கோடு எங்கும் செவ்வகத்தைத் தாண்டவில்லை என்று பார்த்துக்கொண்டு முதல் புள்ளியை வையுங்கள்.